அக்கரை வேலையும் இக்கரைக் கைச்சாத்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இரண்டு பரப்புக் காணி வாங்குகின்ற ஒருவர் வெறும் வாய்ச் சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கைச்சாத்திட, உறுதி முடிக்கப்படுதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த இம்முறை இந்நாட்டில் வேரூன்றிவிட்டது. எல்லை எது, கிணற்றில் பங்கு எவ்வளவு, வழிவாய்க்கால் யாருக்கு உரியது என்பனவெல்லாம் உறுதியிலே எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பிசகினாலும் மல்லாகத்திலோ பருத்தித்துறையிலோ வழக்கு வைக்கலாம். ஆனால், அதே குடாநாட்டிலிருந்து தம் வாழ்நாளில் இரண்டாண்டைக் கடலுக்கு அப்பால் உள்ள ஒரு முதலாளியிடம் ஒப்படைத்துச் செல்லும் ஒருவர், தாம் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை ஒரு முறையேனும் முழுமையாக வாசித்திருப்பார் என்று சொல்ல முடியாது. அவ்வொப்பந்தத்திலும் முத்திரைகள் உண்டு; அதிகாரிகளின் கையெழுத்துகளும் உண்டு. அவ்வாறிருந்தும் அக்கரையில் இறங்கியவுடன் அது பல வேளைகளிற் செல்லாக் காசாகிவிடுகிறது. ஏன் அவ்வாறு நேர்கிறது என்பதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

தமிழ் மக்கள் கடல் கடந்து வேலைக்குச் செல்லும்போது அவர்களுடைய ஒப்பந்தத்தை அரசாங்க அதிகாரி ஒருவர் பார்வையிட வேண்டும் என்ற விதி, பிரித்தானிய இந்தியாவின் 1837ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இடம்பெற்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் முகவரும், புறப்படும் தொழிலாளியும், ஒப்பந்த நிபந்தனைகள் எழுதப்பட்ட பத்திரத்துடன் குறிப்பிட்ட அதிகாரியின் முன் தோன்ற வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. சேவைக் காலம் ஐந்து ஆண்டு. தொழிலாளி விஷயத்தை விளங்கிக்கொண்டு மனமொப்பிப் போகிறாரா என்பதை அறிந்த பின்பே அதிகாரி அனுமதி வழங்குவார். கல்கத்தாவுக்கென முதலில் இயற்றப்பட்ட விதி அதே ஆண்டிலே சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது.

விதி நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில், அதாவது 1839இல், கூலிகளை அனுப்புவதையே தடைசெய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. கல்கத்தாவிலும் சென்னையிலும் அதிகாரி பார்த்தது தொழிலாளியின் சம்மதத்தை மட்டுமே. மொரீசியசுத் தோட்டத்தில் அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்பதை அவர் பார்க்க வழியில்லை. 1842இல் மொரீசியசுக்கான வழி மீண்டும் திறக்கப்பட்டபோது, புறப்படும் துறைமுகத்தில் ஒரு பாதுகாவலரும், இறங்கும் தீவில் ஒரு பாதுகாவலரும் என்ற ஏற்பாடு வந்தது. ஓர் ஒப்பந்தத்துக்கு இரண்டு கரையிலும் கண் வேண்டும் என்பதை அன்றைய ஆட்சியாளர் அந்த மூன்றாண்டுக் குழப்பத்திலிருந்து கற்றுக்கொண்டனர். அப்பாதுகாவலர்கள் தொழிலாளியின் பக்கம் நின்றார்களா, தோட்டத் துரையின் பக்கம் நின்றார்களா என்பது வேறு கேள்வி. பல வேளைகளில் பின்னையதே உண்மை.

இலங்கைக்கு வருவோருக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. 1847ஆம் ஆண்டுச் சட்டமொன்று தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குச் செல்வதற்கு விலக்களித்தது. கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆளைக் கொண்டுவந்தது கங்காணியின் வாய்ச் சொல்லும் அவர் கொடுத்த முன்பணமுமேயாகும். மலைநாட்டின் அக்கதை தனியே சொல்லப்பட வேண்டியது.

யாழ்ப்பாணத்தவரின் கடல் கடந்த உத்தியோகம் வேறு வழியில் தொடங்கிற்று. மலாயாவில் 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதலாவது புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. அதன் பின் வந்த பல ஆண்டுகளில் அந்நாட்டின் புகைவண்டிப் பகுதியும், பொதுவேலைப் பகுதியும், நில அளவைப் பகுதியும் ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞரையும் நிலைய அதிபர்களையும் தொழில்நுட்பவியலாளரையும் தேடின. இலங்கையின் பொதுவேலைப் பகுதியில் கடமையாற்றிவிட்டு 1891இல் சிலாங்கூருக்கு அரச பொறியியலாளராகச் சென்ற ஸ்பூனர், தாம் அறிந்த யாழ்ப்பாண இளைஞரை அங்கே வரவழைத்தவர்களுள் முக்கியமானவர். வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் மிஷன் பாடசாலைகளிற் படித்த பிள்ளைகள் கப்பலேறினர்.

அவர்களுடைய நியமனத்தை எந்தத் தூதரகமும் அத்தாட்சிப்படுத்தவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வேலை கொடுத்தது அரசாங்கம். சம்பளப் படிகளும் விடுமுறையும் இளைப்பாற்றுச் சம்பளமும் அச்சிட்ட விதிகளாக இருந்தன. கோலாலம்பூரில் ஒரு விதி, யாழ்ப்பாணத்தில் வேறொரு விதி என்று இல்லை. இவற்றுக்கு மேலாக, அங்கே ஏற்கெனவே இருந்த அம்மானோ அண்ணனோ ஒரு கடிதம் எழுதுவார். “இன்ன கந்தோரில் இடமிருக்கிறது, இவ்வளவு சம்பளம், உடனே புறப்பட்டு வா” என்ற அக்கடிதமே அத்தாட்சியாயிற்று. எழுதியவர் பொய் சொன்னால் ஊரிலே தலைகாட்ட இயலாது. அங்கே பல ஆண்டு உழைத்து, ஊருக்குத் திரும்பிக் கல்வீடு கட்டி, “மலாயன் பென்சனியர்” என்ற பெயருடன் வாழ்ந்த முதியோரைக் குடாநாட்டின் எந்தக் கிராமத்திலும் காணக்கூடியதாயிருந்த காலம் ஒன்று உண்டு.

அந்தத் தலைமுறை பின்வந்தோருக்குச் செல்வத்தை விட்டுச்சென்றது போலவே ஒரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. வெளிநாட்டு வேலையென்றால் பத்திரத்தைப் பார்ப்பதிலும் பார்க்கச் சொல்லுகிற ஆளைப் பார்ப்பது என்பதே அப்பழக்கம். வேலை தருபவர் அரசாங்கமாக இருந்தவரையில் இதனால் தீங்கு நேரவில்லை. வேலை தருபவர் முன்பின் அறியாத தனி முதலாளியாகவும், சொல்லுகிறவர் தலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் தரகராகவும் மாறியபோது, அதே பழக்கம் வினையாயிற்று.

அம்மாற்றம் 1970களில் வந்தது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பின்னர், வளைகுடா நாடுகள் கட்டடத் தொழிலாளரையும் சாரதிகளையும் பின்னர் வீட்டுப் பணிப்பெண்களையும் ஆயிரக்கணக்கில் அழைத்தன. இலங்கையில் அதுவரை இருந்தது, கட்டணம் அறவிடும் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள் பற்றிய 1956ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டமாகும். உள்ளூர்த் தரகர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அது கடல் கடந்த ஒப்பந்தங்களுக்குப் போதவில்லை. 1980இல் 32ஆம் இலக்கச் சட்டமும், 1985இல் 21ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. பின்னையதன் கீழேயே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்கும் தொழில் நடத்தக்கூடாது என்பதும், ஒப்பந்தத்தை வாசித்து விளக்கிய பின்பே கைச்சாத்து வாங்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்து.

இனி, ஓர் ஒப்பந்தத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்பதைப் படிப்படியாகக் கவனித்தல் நன்று. ஒவ்வொருவரும் பார்ப்பது ஒவ்வொன்று. முழுவதையும் பார்ப்பவர் எவரும் இல்லை.

முதலில் அந்நாட்டு முதலாளி மூன்று பத்திரங்களை ஆயத்தம் செய்கிறார். இத்தனை மேசன், இத்தனை சாரதி வேண்டும், சம்பளம் இவ்வளவு என்று கூறும் வேலைக் கோரிக்கை ஒன்று. இதனை “ஜொப் ஓடர்” என்பர். இலங்கை முகவர் தம் சார்பில் ஆள் சேர்க்கலாம் என அதிகாரமளிக்கும் அற்றோணித் தத்துவம் மற்றொன்று. மூன்றாவது, ஒப்பந்தத்தின் மாதிரி. இவற்றை அந்நாட்டு வர்த்தக சம்மேளனமும் வெளிநாட்டு அமைச்சும் முத்திரையிடுகின்றன. அம்முத்திரைகள் சொல்வது, இக்கையொப்பம் இன்ன கம்பெனியின் கையொப்பமே என்பது மாத்திரம். சம்பளம் நியாயமானதா என்று அவை சொல்வதில்லை.

அடுத்து அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் தொழிற் பிரிவு. கம்பெனி உண்மையில் இருக்கிறதா, பதிவுடையதா, முன்னர் தொழிலாளருக்குச் சம்பளம் கொடாது விட்டதென முறைப்பாடு உண்டா, கேட்கப்படும் ஆட்களின் தொகைக்கு விசா அனுமதி இருக்கிறதா, குறித்த சம்பளம் இலங்கை அரசாங்கம் அத்தொழிலுக்கு வகுத்த அளவுக்குக் குறையாததா என்பனவற்றை ஆராய வேண்டியது அப்பிரிவேயாகும். உண்மையான சரிபார்ப்பு என்று சொல்லத்தக்கது இந்த ஒரு படியிலேதான் நிகழ்கிறது. அதுவும் ஒரு சில உத்தியோகத்தர் ஒரு நாடு முழுவதற்கும் பொறுப்பாக இருந்து செய்வது. தொலைதூரத்துப் பாலைவனத்து வேலைத்தலத்தை நேரிற் சென்று பார்த்து முத்திரையிடுவது அரிது.

மூன்றாவது, கொழும்பிலுள்ள பணியகம். தூதரகம் அத்தாட்சிப்படுத்திய கோரிக்கையை உரிமம் பெற்ற முகவர் சமர்ப்பிக்க, பணியகம் அங்கீகாரம் வழங்கும். அதன் பின்னரே விளம்பரம் செய்து ஆள் தேடலாம். ஆள் கிடைத்து விசாவும் வந்த பின்னர், ஒப்பந்தப் பிரதி, காப்புறுதி, பயிற்சிச் சான்று என்பவற்றைக் கொண்டு இரண்டாம் முறை அங்கீகாரம் பெற்றுப் பயணியைப் பதிவுசெய்தல் வேண்டும். விமான நிலையத்திலுள்ள பணியகத்தின் கருமபீடம் பார்ப்பது இப்பதிவையே. உறவினர் மூலம் தாமாகவே வேலை தேடிக்கொண்டவரும் பதிவு செய்துகொண்டே போக வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் கொழும்பை மையமாகக் கொண்டவை. குடாநாட்டு மக்களுக்கு இங்கேதான் இடர் ஏற்பட்டது. சட்டம் வந்த 1985ஆம் ஆண்டு, போர் தொடங்கி இரண்டாண்டு கழிந்த காலம். கண்டி வீதி 1990இல் அடைபட்டு 2002இல் திறந்தது. 2006 ஆவணியில் மீண்டும் அடைபட்டு 2009இலேயே திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கொழும்புக்குப் போவதென்றால் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருந்து, அனுமதி பெற்று, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜ் எடுத்துத் தங்க வேண்டும். முகவரின் கந்தோருக்கு ஒரு தடவை, மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு தடவை, பணியகத்துக்கு ஒரு தடவை என்று அலைய எல்லோராலும் இயலவில்லை. ஆகவே “எல்லாவற்றையும் நாங்களே முடித்துத் தருவோம்” என்று வீட்டு வாசலுக்கு வந்த உப முகவரிடம் கடவுச்சீட்டும் காசும் ஒப்படைக்கப்பட்டன. ஒப்பந்தம் கைக்கு வந்தது பயணத்துக்கு முதல் நாள். சில வேளைகளில் விமான நிலையத்து வாசலில். போருக்குப் பின் யாழ்ப்பாணத்திலே பணியகத்தின் அலுவல்களைக் கவனிக்க வழி செய்யப்பட்டு, பிரதேச செயலகங்களிலும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டனர். ஆனால் உப முகவர் பழக்கம் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை.

இத்தனை கண்கள் பார்த்த ஒப்பந்தம் அக்கரையில் எவ்வாறு மாறுகிறது? வடமராட்சியிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் போகும் மேசன் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தூதரகம் பார்த்த ஒப்பந்தத்தில் தொழில் மேசன். மாதச் சம்பளம் 1,200 றியால். நாளுக்கு எட்டு மணித்தியால வேலை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு. பயணத்துக்கென மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்து, காணியையும் ஈடு வைத்திருக்கிறார். விமானத்திலிருந்து இறங்கி இரண்டொரு நாளில் கம்பெனி எழுதுவினைஞர் ஒரு புதிய தாளை நீட்டுகிறார். அரபு மொழியில் எழுதப்பட்டது. “இக்காமா எடுப்பதற்கு இது தேவை, எல்லோரும் கைச்சாத்திட்டுவிட்டார்கள்” என்கிறார். அதில் தொழில், கூலியாள். சம்பளம், 900 றியால். வேலை, நாளுக்குப் பத்து மணித்தியாலம். கடவுச்சீட்டு ஏற்கெனவே கம்பெனியிடம் போய்விட்டது. ஊரிலே கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் கைச்சாத்திடுகிறார்.

முதற் சம்பள நாளில் அவர் கண்ணுக்குத் தெரிகிற நட்டம் 300 றியால். தெரியாத நட்டம் அதனினும் பெரிது. மாதம் 1,200 றியால் என்பது, முப்பது நாளுக்கும் எட்டு மணித்தியாலத்துக்குமாகப் பகுத்தால், மணித்தியாலத்துக்கு 5 றியால். சவூதித் தொழிற் சட்டப்படி மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், ஆக 7.50 றியால். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் மாதத்தில் 26 நாளுக்கு 52 மணித்தியாலம் மேலதிகம். அதற்குரிய 390 றியாலும் “பத்து மணித்தியாலம்” என்ற ஒரு சொல்லிலே மறைந்துவிட்டது. சம்பளக் குறைப்பு 300, மறைந்த மேலதிக வேதனம் 390, ஆக மாதம் 690 றியால். இரண்டாண்டுக்கு 16,560 றியால். ஊரிலுள்ளோர் “எவ்வளவு சம்பளம்?” என்று மட்டுமே விசாரிக்கிறார்கள். “எத்தனை மணித்தியாலம்?” என்று விசாரிப்போர் மிகக் குறைவு.

இந்நிலையில் மேசனின் பெட்டியில் இலங்கை முத்திரை பதித்த முதல் ஒப்பந்தம் இருக்கிறது. அதைக் கொண்டு அவர் என்ன செய்யலாம்? இங்கேதான் சிக்கல் வெளிப்படுகிறது. முதலாவது, சவூதித் தொழிற் சட்டத்தின்படி அரபு மொழிப் பிரதியும் வேறொரு மொழிப் பிரதியும் முரண்பட்டால் அரபுப் பிரதியே செல்லும். இரண்டாவது, பின்னர் எழுதப்பட்ட தாளிலும் அவருடைய கைச்சாத்து இருக்கிறது. தாமே ஒப்புக்கொண்டார் என்று கம்பெனி சொல்லும். மூன்றாவதும் கொடியதும் விசாவைப் பற்றியது. அவர் அந்நாட்டில் இருப்பது கபீல் எனப்படும் பொறுப்பாளரின் பேரிலே. வேலை பிடிக்கவில்லை என்று விட்டுச் சென்றால், “ஓடிப்போனார்” என்று பொறுப்பாளர் அறிவிக்கலாம். “ஹுரூப்” என்பது அங்கே வழங்கும் பெயர். அன்றிலிருந்து முறைப்பாட்டுக்காரரே குற்றவாளி. சம்பளம் கேட்டுத் தொழில் நீதிமன்றம் போக வேண்டியவர், பொலிசாருக்கு அஞ்சி ஒளிந்து திரிகிறார். வெளியே எங்கேனும் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்புவாராயினும், விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கேள்விக்குரியதாகும்.

இலங்கையில் முறையிடலாமே எனின், முறையிடலாம். ஆனால் பணியகத்தின் கை நீளுவது உரிமம் பெற்ற முகவர் மட்டும். முகவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், பிணைப் பணத்தைத் தொடலாம், உரிமத்தை நிறுத்தலாம். சவூதி முதலாளியை மல்லாகம் நீதிமன்றுக்கு அழைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. காணி உறுதிக்கும் வேலை ஒப்பந்தத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. காணி, உறுதி எழுதப்பட்ட ஊரிலேயே கிடக்கிறது. உழைப்போ வேறொரு நீதிமன்றத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது.

சம்பளமும் நேரமும் மாறுவதினும் தீயது, விசாவின் வகை மாறுவது. குவைத்திலே கம்பெனித் தொழிலாளருக்கு 18ஆம் இலக்க விசா, வீட்டுப் பணியாளருக்கு 20ஆம் இலக்க விசா என்ற பாகுபாடு உண்டு. கடையிலே விற்பனையாளர் வேலை என்று ஒப்பந்தம் சொல்ல, விசா 20ஆம் இலக்கமாக இருந்தால், அவர் அந்நாட்டுப் பொதுத் தொழிற் சட்டத்தின் பார்வையில் விற்பனையாளரே அல்லர், வீட்டு வேலைக்காரர். கடையிலே நிற்பது பரிசோதகர் கண்ணிற் பட்டால் பிடிபடுவதும் அவரே. இது இறங்கிய பின்னர் நிகழும் மாற்றம் போலத் தோன்றினும், உண்மையில் புறப்படுவதற்கு முன்பே விசாத் தாளில் எழுதப்பட்டுவிட்டது. அனுபவமிக்க உத்தியோகத்தர் ஒப்பந்தத்தை எடுத்தவுடன் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. பணியகம் அங்கீகரித்த கோரிக்கையிலுள்ள தொழிற் பெயர், ஒப்பந்தத்திலுள்ள தொழிற் பெயர், விசாவில் அரபு எழுத்திலுள்ள தொழிற் பெயர் என்னும் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒன்றாயில்லையேல் மற்றைய நிபந்தனைகளை வாசித்துப் பயனில்லை. விசா வெறும் சுற்றுலா விசாவாயின் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே எதுவுமில்லை. அத்தகைய வேலையை எந்தத் தூதரகமும் அத்தாட்சிப்படுத்தியிராது.

அறியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் அக்கரையிலே கைச்சாத்திடுவது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024இல் வடபகுதி ஒரு கசப்பான செய்தியைக் கேட்டது. ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொல்லப்பட்டு, முகவர் வழியே ரஷ்யாவுக்குப் போன இளைஞர் சிலர் அந்நாட்டுப் படையிற் சேர்க்கப்பட்டுவிட்டனர் என்று அவர்களுடைய பெற்றோர் முறையிட்டனர். அங்கே எந்த அத்தாட்சியும் இருந்ததில்லை. சொல்லுகிற ஆளைப் பார்த்து நம்பும் பழைய வழக்கமே இருந்தது.

வளைகுடாவில் அண்மைக் காலத்தில் வந்துள்ள மாற்றங்களைக் கவனித்தால், 1842இல் மொரீசியசுக்குச் செய்த ஏற்பாட்டின் சாயல் அவற்றிலே தெரிகிறது. அத்தாட்சியின் பாரம் மெல்ல மெல்ல அக்கரைக்கு மாறி வருகிறது. 2009இல் ஐக்கிய அரபு இராச்சியமும், 2013இல் சவூதி அரேபியாவும், 2015இல் கட்டாரும், சம்பளத்தை வங்கி வழியே செலுத்த வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தன. கையிலே கொடுத்தேன் என்று முதலாளி சொல்லும் வழி இதனால் அடைபட்டது. ஒப்பந்தத்தில் 1,200 என்றும் வங்கியில் 900 என்றும் இருந்தால் அந்நாட்டு அமைச்சின் கண்ணுக்கே அது தெரிகிறது. எனினும் ஒப்பந்தமே 900 என்று மாற்றி எழுதப்பட்டுவிட்டால் வங்கிக் கணக்கு அதற்கு இசைவாகவே இருக்கும்.

அவ்வோட்டையை அடைக்க முயன்றது 2016 தை முதலாந் திகதி தொடக்கம் ஐக்கிய அரபு இராச்சியம் நடைமுறைப்படுத்திய விதி. தொழிலாளி நாட்டுக்குள் வருமுன்னரே, அவருக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்ட வேலைவாய்ப்புக் கடிதத்தில் கைச்சாத்துப் பெறப்பட்டு, அது அமைச்சிலே பதியப்பட வேண்டும். வந்த பின்னர் எழுதும் ஒப்பந்தம் அதனோடு ஒத்திருத்தல் அவசியம். மாற்றம் செய்வதாயின் அது தொழிலாளிக்கு மேலும் நன்மை தருவதாயிருக்க வேண்டும்; அவரும் அதற்கு இசைய வேண்டும். அக்கடிதம் அச்சிடப்படும் பதினொரு மொழிகளுள் தமிழும் ஒன்று. இவ்விதியின் சிறப்பு, சரிபார்ப்பவரும் தண்டிப்பவரும் ஒரே அமைச்சாயிருப்பது. கொழும்பின் முத்திரையை அபுதாபி மதிக்குமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. வீட்டுப் பணியாளர் இவ்விதிக்குப் புறம்பாக நின்றனர். அவர்களுக்கெனத் தனிச் சட்டம் 2017இலேதான் அந்நாட்டில் வந்தது.

கட்டார் வேறொரு வழியைத் தெரிந்தது. 2018இல் கொழும்பிலே விசா நிலையம் ஒன்றைத் திறந்தது. மருத்துவப் பரிசோதனை, கைவிரல் அடையாளம், ஒப்பந்தத்தில் கைச்சாத்து ஆகிய மூன்றும் புறப்படுமுன் அங்கேயே முடிகின்றன. கைச்சாத்திடும் ஒப்பந்தம் கட்டார் அரசாங்கத்தின் பதிவிலே நேராகச் சேர்ந்துவிடுகிறது. நிபந்தனைகளைத் தம் மொழியிலே வாசித்துப் பார்த்து, பேசியதற்கு மாறாயிருந்தால் கைச்சாத்திடாது எழுந்து வரவும் அங்கே தொழிலாளிக்கு வழியுண்டு. கடன் தலைக்கு மேல் ஏறிய பின் அவ்வாறு எழுந்து வருவது எளிதல்ல. ஆனால் கடவுச்சீட்டு அப்பொழுது அவர் கையிலே இருக்கிறது, நிற்பதும் தாய்நாட்டு மண்ணிலே. யாழ்ப்பாணத்திலிருந்து அந்நிலையத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கலாம்.